ஸ்கேனைப் பார்த்துப் போலியைக் கண்டுபிடிக்க முடியுமா?

"வேலைக்கு விண்ணப்பித்த பையன் பி.இ. பட்டச் சான்றிதழை ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறான். 2018 ஏப்ரலில் படிப்பு முடிந்தது என்கிறான், பட்டத்தில் 2019 தேதி இருக்கிறது. டிஜிலாக்கரிலும் இருக்கிறதாம். நம்பலாமா சார்?" - அம்பத்தூரில் பட்டறை நடத்தும் வாசகர்

தேதியை வைத்து அவரைச் சந்தேகிக்காதீர்கள். தேர்வு முடிந்ததும் மாணவர் கைக்கு வருவது தற்காலிகச் சான்றிதழ்தான். பட்டம் பட்டமளிப்பு விழாவை ஒட்டி வரும். விழா மாதக்கணக்கில் தள்ளிப்போவது சகஜம். அரியர் வைத்தவர் என்றால் இன்னும் தாமதம். பட்டத்தில் தேர்வு எழுதிய மாதமும் வருடமும் தனியாக இருந்தால், அதைக் கடைசி மதிப்பெண் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் போதும், விழாத் தேதியை விட்டுவிடலாம்.

அடுத்து, பெயர் இருக்கும் வரியை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். பெயரின் மை வேறாகத் தெரிவதும், வரி லேசாகச் சாய்ந்திருப்பதும் குற்றமில்லை; முன்பே அச்சடித்த தாளில்தான் பெயரைப் பிறகு அடிக்கிறார்கள். கவனிக்க வேண்டியது அடியில் ஓடும் மெல்லிய கோலக் கோடுகளை. அவை பெயருக்குக் கீழே தொடராமல், அந்த இடம் மட்டும் துடைத்துவிட்டது போல வெளுத்திருந்தால் யாரோ கை வைத்திருக்கலாம். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் இதைப் பார்க்காதீர்கள், அது எல்லாவற்றையும் குழப்பிவிடும். ஸ்கேன் செய்த மூலக் கோப்பையே கேளுங்கள். முரண்பாடும் மாட்டும்: 1978-இல் தொடங்கிய அண்ணா பல்கலைக்கழகத்தின் பெயரில் 1975 பட்டம் வந்தால் வேறு ஆராய்ச்சியே வேண்டாம்.

ஆனால் ஸ்கேன் சுத்தமாக இருந்தால் அசல் என்று அர்த்தமில்லை. புடைப்பு முத்திரை, ஹாலோகிராம், நீர்க்குறி எதையும் அதில் சோதிக்க முடியாது. நன்றாகச் செய்த போலியின் ஸ்கேனும் சுத்தமாகத்தான் இருக்கும்.

டிஜிலாக்கர் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தன் கணக்கில் எந்தப் படத்தையும் யாரும் ஏற்றிக்கொள்ளலாம். அது Drive பகுதியில் உட்காரும். பல்கலைக்கழகமே கொடுத்தது Issued பகுதியில் வரும், அதற்குத்தான் மதிப்பு. ஸ்கிரீன்ஷாட் வாங்காதீர்கள், எதிரில் உட்காரவைத்து அவர் போனிலேயே திறக்கச் சொல்லுங்கள். Issued-இல் இல்லாவிட்டாலும் போலி என்று முடிவு கட்ட முடியாது. எல்லாப் பட்டங்களும் இன்னும் ஏற்றப்படவில்லை.

மிச்சம் ஒரே வழி: பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தில் கட்டணம் கட்டி உண்மைத்தன்மை கேட்பது. தாங்களே கொடுத்த காகிதத்தைத் தங்களுடையது என்று சொல்லக் காசு, படிவம், அப்புறம் காத்திருப்பு! இந்த இழுபறியில்தான் "ரெண்டே நாளில் வெரிஃபை பண்ணித் தர்றேன்" என்று ஏஜென்டுகள் பிழைக்கிறார்கள். அவர்கள் நீட்டும் கடிதமும் ஒரு ஸ்கேன்தான். அதை யார் சரிபார்ப்பது? பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் உள்ள முகவரிக்கு நீங்களே எழுதுங்கள். சான்றிதழில் அச்சடித்த தொலைபேசி எண்ணை நம்பி அழைக்காதீர்கள். பதிலும் விண்ணப்பதாரர் கை வழியாக வரக் கூடாது, நேராக உங்கள் அலுவலகத்துக்கு வரட்டும். அதுவரை அசலை நேரில் பார்த்துவிட்டு, சரிபார்ப்புக்கு உட்பட்டது என்று நியமன உத்தரவில் எழுதி வேலையில் சேர்த்துக்கொள்ளலாம்.