ஷிப்ட் ஷீட்: மோதலைப் பிடிப்பதும் மணிநேரம் கூட்டுவதும்

தேதி தனி, ஆரம்பம் தனி, முடிவு தனின்னு மூணு கட்டம் வச்சிருக்கேன். நைட் ஷிப்ட் மோதினா மட்டும் பிடிபடவே மாட்டேங்குது.

வெறும் 22:00, 06:00 என்று போட்டால், ஆரம்பிக்கும் முன்பே முடிந்துவிட்டதாகத்தான் ஷீட் எடுத்துக்கொள்ளும். A-யில் பெயர், B-யில் ஆரம்பம், C-யில் முடிவு என வையுங்கள். B, C இரண்டிலும் தேதியும் நேரமும் ஒரே கட்டத்தில் இருக்கட்டும். அப்புறம் D2-வில் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=SUMPRODUCT(($A$2:$A$200=A2)*($B$2:$B$200<C2)*($C$2:$C$200>B2))>1
```

இந்த ஷிப்ட் முடியும் முன் மற்றது தொடங்குகிறது, இது தொடங்கிய பிறகே மற்றது முடிகிறது என்றால் மோதல். ஒவ்வொரு வரியும் தன்னையும் சேர்த்து எண்ணும், அதனால்தான் 1-க்கு மேல் வருகிறதா என்று பார்க்கிறோம். ஒருவருக்கே செவ்வாய் 22:00 முதல் புதன் 06:00 வரை ஒரு வரி, புதன் 05:30 முதல் 13:30 வரை இன்னொரு வரி என்று போட்டுப் பாருங்கள், இரண்டிலும் TRUE வரும். 05:30-ஐ 06:00 ஆக்கினால் இரண்டும் FALSE ஆகிவிடும்.

பெயரை மட்டும் கையால் தட்டாதீர்கள், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள். பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி விழுந்தாலும் ஷீட்டுக்கு அவர் வேறு ஆள்.

இவ்வளவு எதுக்கு? =MOD(C2-B2,1) போட்டா நைட் ஷிப்டுக்கும் 8 மணி சரியா வருதே.

மணிநேரத்துக்கு அது சரிதான். ஆனால் எந்த நாளின் 06:00 என்பது அதற்குத் தெரியாது, அதனால் மோதலைப் பிடிக்காது. முழு 24 மணி நேர ஷிப்டுக்கு 0 காட்டும்.

அஞ்சு நாள், தினம் 9 மணி நேரம். மொத்தம் 21:00-ன்னு வருது!

45-இல் 24 போக மிச்சம் 21. கட்டத்தின் வடிவத்தை `[h]:mm` என்று மாற்றுங்கள்.

ஒருத்தருக்கு ரெண்டு ஷிப்ட் மோதுது, ஆனா FALSE.

பெயரில் இடைவெளி. மேலே சொல்லியிருக்கிறேன்.

ஞாயிறு 22:00-க்கு வந்து திங்கள் 06:00-க்குப் போறவருக்கு எந்த வாரத்துல கூட்டுறது?

எட்டு மணியையும் ஒரே வாரத்தில் தள்ளக் கூடாது, பிரிக்க வேண்டும் என்பேன். G1-இல் வாரத் தொடக்கமான திங்களின் தேதி, E2-வில்:

```
=MAX(0,MIN(C2,$G$1+7)-MAX(B2,$G$1))
```

இந்த வாரத்துக்கு 2 மணி வரும். G1-ஐ அடுத்த திங்களாக மாற்றினால் மீதி 6 வரும். H2-வில் பெயரை வைத்து, மொத்தத்துக்கு `=SUMIFS(E:E,A:A,H2)`.

எங்க இடத்துல ஷிப்ட் தொடங்குற வாரத்துக்கே முழுசும் போகும். பிரிச்சா ஆளுங்க குழம்புறாங்க.

குழப்பம் உண்மைதான். ஆனால் வார உச்சவரம்பு இருக்கும் இடத்தில், அடுத்த வாரத்தின் 6 மணி நேரம் இதில் ஏறி, வரம்பைத் தாண்டாதவரையும் தாண்டியதாகக் காட்டும்.

வரம்பே தொடங்குற வாரத்தை வச்சுத்தான்னு விதி எழுதியிருந்தா?

அப்படி எழுதியிருந்தால் என் சூத்திரம் உங்களுக்குத் தவறு. விதி எழுதாத இடங்களில் நான் பிரிக்கவே சொல்வேன்.

அந்த FALSE ஆள் நான்தான். இடைவெளி இல்லை, பார்த்துட்டேன்.

`=LEN(A2)` போட்டு இரண்டு வரிகளின் எண்களையும் ஒப்பிடுங்கள்.