லாபம் இருக்கு, ஆனா கையில காசு இல்ல, ஏன்?

கேள்வி: எலக்ட்ரிக்கல் ஹோல்சேல் கடை வச்சிருக்கேன், வியாபாரம் நல்லா ஓடுது, லாபமும் வருது, ஆனா சப்ளையருக்கு கட்ட எப்பவும் காசு இல்ல. காசு எங்க போகுது?

உங்க காசு சரக்குலயும் பாக்கிலயும் மாட்டிருக்கு, எத்தன நாளுன்னு கணக்கு போட்டா தெரிஞ்சிடும். ஒரு உதாரணம் சொல்றேன். ஒரு நாள் விற்பனை 24,000, அந்த சரக்கோட கொள்முதல் விலை 20,000னு வைங்க. குடோன்ல 9 லட்சம் சரக்கு இருந்தா அது 45 நாள் சரக்கு. கடைக்காரங்க தரவேண்டியது 14.4 லட்சம்னா 60 நாள். நீங்க சப்ளையருக்கு தரவேண்டியது 6 லட்சம்னா 30 நாள்.

45 + 60 - 30 = 75

அதாவது நீங்க சப்ளையருக்கு காசு கட்டி 75 நாள் கழிச்சுதான் அது திரும்ப வருது, அதுவரைக்கும் தினம் 20,000 வீதம் 15 லட்சம் உங்க சொந்தக் காசோ பேங்க் ஓவர்டிராஃப்ட் கடனோ உள்ள நிக்குது.

இதுல நிறைய பேர் தப்பு பண்றது, சரக்கையும் விற்பனையால வகுக்கிறது. சரக்கு, சப்ளையர் பாக்கி ரெண்டையும் கொள்முதல் விலையாலதான் வகுக்கணும், வரவேண்டிய பாக்கிய மட்டும் விற்பனையால. பாக்கி ரெண்டுலயும் ஜிஎஸ்டி சேந்திருக்கும், அத கழிச்சிடுங்க, இல்லன்னா நாள் கூடத் தெரியும்.

இப்ப வியாபாரம் 20% ஏறுதுன்னு வைங்க, நாள் கணக்கு மாறலன்னா இன்னும் 3 லட்சம் உள்ள போடணும், நல்லா ஓடுற கடைல காசுக்குத் தட்டுப்பாடு வர்றது இதனாலதான். அதனால முதல்ல பாக்கி லிஸ்ட்ட பழசுலருந்து அடுக்கிப் பாருங்க, 60 நாள்ங்கிறது சராசரிதான், 30 நாள்ல தர்றவங்களுக்கு நடுவுல 120 நாள் இழுக்கிற ரெண்டு மூணு பார்ட்டி இருப்பாங்க. பழைய பில்லு முடியாம அவங்களுக்கு புது சரக்கு ஏத்தாதீங்க. சராசரி 10 நாள் குறைஞ்சாலே 2.4 லட்சம் கைக்கு வந்துடும்ங்க.