கட்டணம் இல்லாத ஆப்பா, கூடுதல் ரேட் தரும் ஆப்பா? ஊருக்குப் பணம் அனுப்புவோர் கேள்வி பதில்

வள்ளியூர்க்காரர், ஷார்ஜாவிலிருந்து: அண்ணாச்சி, ஒரு ஆப்பில் கட்டணமே கிடையாது. இன்னொன்றில் 15 திர்ஹாம் பிடிக்கிறான். கட்டணம் இல்லாததுதானே லாபம்?

பாதி சரி தம்பி. எவ்வளவு அனுப்புகிறீர்கள் என்பதைச் சொல்லவில்லையே, விஷயமே அதில்தான் இருக்கிறது. ஒரு கணக்குக்காகக் கட்டணமில்லாத ஆப் 22.60 ரூபாய் தருகிறது, மற்றது 22.85 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 15 திர்ஹாமுக்கு 5 சதவீத வாட் சேர்ந்து 15.75 ஆகிவிடும், அதையும் மறக்க வேண்டாம்.

உங்கள் கையிலிருந்து மொத்தமே 2,000 திர்ஹாம்தான் போகிறது என்றால் முதல் ஆப்பில் வீட்டுக்கு 45,200 ரூபாய் வரும். இரண்டாவதில் 1,984.25 திர்ஹாம்தான் மாறும், ஆனாலும் 45,340 வரும். கட்டணம் பிடித்தவன் 140 ரூபாய் கூடத் தந்துவிட்டான். இதையே 500 திர்ஹாமுக்குப் போட்டுப் பாருங்கள், முதலாவதில் 11,300, இரண்டாவதில் 11,065. அப்படியே தலைகீழ்! இந்த ரேட்டில் ஏறக்குறைய 1,440 திர்ஹாம்தான் எல்லைக்கோடு, அதற்குக் கீழே கட்டணமில்லாதது, மேலே மற்றது. ரேட் மாறினால் கோடும் நகரும், அதனால் இரண்டு ஆப்பிலும் ஒரே நேரத்தில் ஒரே தொகையைப் போட்டு, வீட்டுக்கு வந்து சேரும் ரூபாயை மட்டும் பாருங்கள். ஒன்று கவனம்: சில ஆப்பில் நீங்கள் போடும் 2,000-க்குள்ளேயே கட்டணம் கழியும், சிலவற்றில் அதற்கு மேல் தனியாகக் கேட்பான்.

கடையநல்லூரிலிருந்து: கூகுளில் 22.95 காட்டுகிறது, ஒருத்தனும் அதைத் தருவதில்லை. ஏமாற்றுதானே?

ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். வங்கிகள் தங்களுக்குள் வாங்குகிற விலைக்கும் விற்கிற விலைக்கும் நடுவில் உள்ள எண் அது, நமக்கு அளவுகோலாக மட்டும் உதவும். மேலே சொன்ன 2,000 திர்ஹாமுக்கு அந்த ரேட்டில் 45,900 வர வேண்டும். ‘கட்டணம் இல்லை’ என்றவன் 45,200 தந்தான், ஆக ரேட்டுக்குள்ளேயே 700 ரூபாய் எடுத்துக்கொண்டான். கட்டணம் வாங்கியவனுக்கு எல்லாம் சேர்த்து 560. ஏமாற்று எங்கே என்று கேட்டால், அந்த 700-ஐ வைத்துக்கொண்டு பூஜ்யம் என்று கொட்டை எழுத்தில் போடுவதில்தான்.

சனி, ஞாயிறு சந்தை மூடியிருக்கும், அப்போது சில ஆப்கள் பாதுகாப்புக்காக ரேட்டைக் கொஞ்சம் குறைத்தே வைக்கும். அவசரமில்லை என்றால் திங்கட்கிழமை பாருங்கள்.

மேலப்பாளையத்திலிருந்து ஒரு சகோதரி: வீட்டுக்காரர் ஆப்பில் பார்த்துச் சொன்ன தொகைக்கும் பாஸ்புக்கில் விழுந்ததற்கும் வித்தியாசம் இருக்கே அண்ணாச்சி?

பாஸ்புக்கில் அந்த வரியை உற்றுப் பாருங்கம்மா. NEFT அல்லது IMPS என்றிருந்தால் ரூபாயாகவே வந்திருக்கிறது, சொன்ன தொகை அப்படியே விழ வேண்டும். குறைந்தால் ஆப்காரனைத்தான் கேட்க வேண்டும். வெளிநாட்டு நாணயமாகவே வந்திருந்தால் ரூபாயாக மாற்றியது நம் ஊர் வங்கி, தன் ரேட்டில் மாற்றி, மாற்றியதற்கு ஜிஎஸ்டியும் பிடித்திருக்கும். வழியில் இன்னொரு வங்கி இருந்தால் அதுவும் கொஞ்சம் எடுக்கும். அடுத்த தடவை ரூபாயில் போய்ச் சேரும் வழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

தென்காசிக்காரர், சிங்கப்பூர்: அதே ஆப்பில் ரூம்மேட்டுக்கு மட்டும் என்னைவிட நல்ல ரேட் வந்தது.

அவருக்கு அது முதல் தடவையாக இருக்கும். புது ஆளைப் பிடிக்கக் கொடுக்கிற ரேட் அது, பெரும்பாலும் ஒரு தொகை வரைக்கும்தான். ஒப்பிடும்போது உங்கள் கணக்கிலேயே நுழைந்து பாருங்கள், விளம்பரத்தில் உள்ள ரேட்டை நம்ப வேண்டாம். அப்புறம், கிரெடிட் கார்டில் கட்ட வேண்டாம், அதைப் பணம் எடுத்ததாகக் கணக்கு வைத்து கார்டு வங்கி தனியாகத் தீட்டிவிடும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு பெரியவர்: மகன் மாதாமாதம் அனுப்பும் பணத்துக்கு நான் வரி கட்டணுமா?

இங்கே பேச்சு ரேட்டைப் பற்றி ஐயா, இருந்தாலும் சொல்கிறேன். மகன் பெற்றோருக்குத் தரும் பணம் உங்களுக்கு வருமானம் ஆகாது. அதை டெபாசிட்டில் போட்டு வரும் வட்டிதான் வருமானக் கணக்கில் சேரும்.

நாங்குநேரிக்காரர், துபாய்: இதெல்லாம் சில்லறைக் கணக்கு அண்ணாச்சி. நான் ஒரு மாதம் பொறுத்து அனுப்பினேன், 40 பைசா ஏறிவிட்டது. காத்திருப்பதுதான் சூட்சுமம்.

2,000 திர்ஹாமுக்கு 800 ரூபாய், நல்ல லாபம்தான். திர்ஹாமை டாலருக்கு 3.6725 என்று கட்டிப் போட்டிருக்கிறார்கள், அதனால் நீங்கள் பந்தயம் வைத்தது ரூபாய்க்கும் டாலருக்கும் நடுவில். வீட்டில் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் நகைக்கடன் இருந்து அதை அடைக்கத்தான் அந்த 45,000 என்றால், ஒரு மாத வட்டி 450 போய்விட்டது, மிச்சம் 350.

நாங்குநேரிக்காரர்: எங்கள் வீட்டில் கடன் ஏதும் இல்லையே.

அப்போ நான் தடுக்கவில்லை. ரேட் இறங்குகிற மாதமும் வரும், அன்றைக்கு எத்தனை நாள் பொறுப்பீர்கள் என்பதை மட்டும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.