செவ்வாய்க்கிழமை காலை மூன்று பெட்டி கையுறை

கேள்வி: பினாங்கில் தொழிற்சாலைகளுக்குப் பொருள் விற்கிற வேலை. வாரம் முழுக்க ஓட்டம்தான், புது வாடிக்கையாளரைத் தேட நேரமே கிடைப்பதில்லை. காலண்டரில் நேரத்தைக் கட்டம் கட்டி ஒதுக்கி வைப்பது உண்மையிலேயே உதவுமா?

எனக்கு உதவியது, ஆனால் இரண்டாவது முறை. முதல் முறை செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கே செத்துப்போனது.

நீங்களும் என்னைப் போலத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் அலைகிறவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். வீடு பெருநிலத்தில் பட்டர்வொர்த், அலுவலகம் தீவில் பாயான் லெப்பாஸ். மின்னணுத் தொழிற்சாலைகளில் தூசி நுழையக்கூடாத கிளீன்ரூமுக்குக் கையுறையும் துடைப்புத் துணியும் விற்கிறேன். திரும்பத் திரும்ப வாங்கும் பொருள் என்பதால் பழைய வாடிக்கையாளர் நாள் முழுக்கக் கூப்பிடுவார். கார், வீடு விற்கிறவர்களுக்கு நான் சொல்வது அப்படியே பொருந்தாது, அவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

முதல் முறை, திங்கள் முதல் வெள்ளி வரை காலண்டரில் ஒரு இடம் விடாமல் வண்ணம் பூசினேன். செவ்வாய் ஒன்பதரைக்குப் புது ஆட்களுக்குப் போன். பத்தேகாலுக்குப் பெருநிலத்துப் பக்கம் கூலிமிலிருந்து பழைய வாடிக்கையாளர்: "அண்ணே, கையுறை முடியப்போகுது, மூணு பெட்டி கொண்டு வாங்க." கிடங்கில் லாரி இல்லை, நானே காரில் போட்டுக்கொண்டு பாலம் ஏறினேன். திரும்பும்போது மணி ஒன்றரை. அவர்களிடம் இன்னும் இரண்டு நாளுக்குச் சரக்கு இருந்தது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அந்த வாரம் பத்து காவானில் புதிதாகத் திறந்த ஒரு தொழிற்சாலைக்கு விலைப்பட்டியல் அனுப்ப வேண்டியிருந்தது. புதன்கிழமை தருவதாகச் சொன்னதைத் திங்கள்கிழமை கொடுத்தேன். அதற்குள் வேறொருவரின் மாதிரிப் பெட்டி அவர்களுடைய உற்பத்தி லைனில் சோதனைக்குப் போய்விட்டது. கையுறையில் ஒருவருடைய மாதிரி தேறிவிட்டால் அடுத்தவருக்கு உள்ளே நுழைவது பெரும் பாடு. மறுபடி சோதனை செய்ய எந்த இன்ஜினியருக்கும் ஆசை இருக்காது.

அதற்குப் பிறகுதான் இரண்டு வாரம் அரைமணிக்கு அரைமணி ஒரு தாளில் குறித்தேன். வாரத்துக்கு 45 மணி நேர வேலையில் சராசரியாக 14 மணி கார் ஓட்டியிருக்கிறேன். அலுவலக வேலை 9, சரக்குக் கொடுப்பதும் புகார் கேட்பதும் 8, வரவேற்பறையில் காத்திருந்தது 3. வாங்கும் ஆளோடு விற்பனை பேசியது, போனையும் சேர்த்து, வெறும் 11 மணி. பார்த்தபோது வயிறு எரிந்தது.

கார் ஓட்டும் நேரத்தில்தான் முதலில் கை வைத்தேன். செவ்வாய், வியாழன் பெருநிலம். பிறை, புக்கிட் மின்யாக், பத்து காவான், கூலிம் எல்லாம் அந்த இரண்டு நாளில்தான். திங்களும் புதனும் பாயான் லெப்பாஸ். தீவு நாளில் பிறை வாடிக்கையாளர் வரச் சொன்னால், "வியாழன் காலை பத்து மணிக்கு வரட்டுமா, இரண்டு மணிக்கா?" என்று கேட்பேன். முடியாது என்று சொல்ல வேண்டியதே வரவில்லை. பத்தில் எட்டுப் பேர் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள். இதற்கு பாஸிடம் ஒரு சலுகை வாங்க வேண்டியிருந்தது. பட்டர்வொர்த்தில் இருக்கிறவன் தீவுக்கு வந்து கைரேகை வைத்துவிட்டு மறுபடி பிறைக்கு ஓட வேண்டும் என்பது எங்கள் விதி. அந்தத் தாளைக் காட்டிய பிறகு செவ்வாய், வியாழன் மட்டும் வீட்டிலிருந்து நேராகப் போகலாம் என்றார்.

அடுத்தது போன் நேரம். திங்கள், புதன் ஒன்பதே முக்காலிலிருந்து பதினொன்று வரை, அவ்வளவுதான். மூன்று மணி நேரம் ஒதுக்கிப் பார்த்தேன், இரண்டாவது மணியில் குரலே சோர்ந்துவிடுகிறது. ஒன்பதே முக்கால் ஏனென்றால், நான் போகும் ஆலைகளில் இன்ஜினியர்கள் காலை உற்பத்திக் கூட்டம் முடிந்து அப்போதுதான் இருக்கைக்கு வருகிறார்கள். முந்தின நாள் மாலையே பதினைந்து பெயரும் எண்ணும் எழுதி வைத்திருக்க வேண்டும். பட்டியல் இல்லாமல் உட்கார்ந்தால் ஆள் தேடுவதிலேயே நேரம் ஓடிவிடும், ஆனால் வேலை செய்த திருப்தி மட்டும் வந்துவிடும். பதினொரு மணிக்கு எத்தனை பேரிடம் பேசினேன் என்று எண்ணுவேன். மூன்றுக்குக் கீழே என்றால் அன்று நான் தேடிக்கொண்டிருந்தேன் என்று அர்த்தம்.

அந்த நேரத்தில் வாட்ஸ்அப் சத்தத்தை அணைத்துவிடுவேன். "வாடிக்கையாளர் ஓடிவிடுவார்" என்று யாராவது எழுதுவீர்கள், தெரியும். போன் மணி அடிக்கும், அதை அணைக்கவில்லை. எடுத்ததும் ஒரே கேள்வி: "லைன் நின்னுடுச்சா, இல்ல இன்னைக்கு நிக்கப்போகுதா?" ஆம் என்றால் உடனே கிளம்புவேன். இல்லையென்றால் மூன்றரைக்குக் கூப்பிடுகிறேன் என்பேன். மூன்றரை முதல் நான்கரை வரை தினமும் காலியாகவே விட்டிருக்கிறேன், காலையில் தள்ளிப்போட்டதெல்லாம் அங்கே வந்து விழும். முதல் முறை எனக்கு இது இல்லாமல்தான் எல்லாம் இடிந்தது. கூலிம் ஆள் இந்த மூன்று மாதத்தில் ஒரே ஒரு தடவைதான் "ஆமாம்" என்றார்.

பின்தொடர்தலுக்குத் தனிக் கட்டம் கிடையாது. சந்திப்பு முடிந்து காருக்கு வந்ததும், சாவியைத் திருப்பும் முன் பத்து நிமிடம். மாதிரி கொடுத்திருந்தால் மூன்று தேதிகளை அங்கேயே காலண்டரில் போட்டுவிடுவேன்: மறுநாள், லைனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்க, ஒரு வாரம் கழித்து, சோதனை முடிவுக்கு இன்ஜினியரிடம், அதற்கு இரண்டு நாள் கழித்து, விலை பேச வாங்கும் பிரிவில். மாலையில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டவை எனக்குப் பாதிக்குப் பாதி தவறின. ஆகவே சந்திப்புக்கு ஒரு மணி என்றால் காலண்டரில் ஒன்றே கால் போடுகிறேன்.

அலுவலக வேலை வெள்ளிக்கிழமை மதியம். பன்னிரண்டேகாலிலிருந்து இரண்டே முக்கால் வரை தொழுகை நேரம், வாங்குகிறவர்களில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள், மீதிப் பேர் நாசி கண்டார் வரிசையில். யாரும் கூப்பிடாத இரண்டரை மணி வாரத்தில் வேறு எங்கே கிடைக்கும்? விலைப்பட்டியல் மட்டும் இதற்கு விலக்கு, அது அன்றன்றைக்கு அந்த மூன்றரை மணிக் கட்டத்தில் போய்விட வேண்டும்.

இப்போது விற்பனை நேரம் வாரத்துக்குப் பதினாறு, பதினேழு மணி. மாதக் கடைசியில் இது உடையும், பணம் வசூலிக்க எங்களையே அனுப்புவார்கள். அந்த வாரத்தில் கட்டம் கட்டுவதையே விட்டுவிட்டு இரண்டு காலை போன் நேரத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறேன்.

காரைப் பற்றிச் சொன்னதால் இதையும் கொட்டிவிடுகிறேன். கோலாலம்பூர் தலைமை அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் அம்மா ஒருவர், மாதம் தவறாமல் என் டோல் கணக்கைத் திருப்பி அனுப்புவார். "போனதுக்கு ரசீது இருக்கு, வந்ததுக்கு எங்கே?" பினாங்கு பாலத்தில் தீவுக்குப் போகும்போது மட்டும்தான் டோல் என்று நான்கு தடவை எழுதிவிட்டேன், கடைசியாக அந்தச் சாவடியைப் படம் எடுத்தும் அனுப்பினேன். இந்த மாதமும் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமையின் அந்த இரண்டரை மணி நேரத்தில் இருபது நிமிடம் அவருக்குப் போகிறது.