எல்என்ஏ மொட்டைமாடியிலா, மேசையிலா? – கேள்வி பதில்

வெள்ளவத்தை மாணவர்: சேர், ஜிகே-2ஏ வானிலைச் செய்மதியை 1692 மெகாஹேர்ட்ஸில் பிடிக்கப் பார்க்கிறேன். கிரிட் டிஷ் மொட்டைமாடியில், அங்கிருந்து 20 மீட்டர் ஆர்ஜி-6 கேபிள், அறைக்குள் சிக்னலைப் பெருக்கும் எல்என்ஏ, அதற்குப் பின் கணினியில் செருகும் ரிசீவரான டொங்கிள். எல்என்ஏ 20 டெசிபெல் கூட்டுகிறது, கேபிள் 6 தின்கிறது. எங்கே வைத்தாலும் மிச்சம் 14 தானே? அதை ஏன் மேலே கொண்டுபோய் மழையில் நனைய விட வேண்டும்?

தம்பி, சிக்னலுக்கு உங்கள் கணக்கு சரி. இரைச்சலுக்குத்தான் அது பொருந்தாது. 6 டெசிபெல் போனால் சிக்னல் கால் பங்காகிறது. இரைச்சல் அப்படிக் குறைவதில்லை, ஏனென்றால் கேபிளும் சூடான பொருள்தான். தான் தின்ற இரைச்சலுக்குப் பதிலாகத் தன் வெப்ப இரைச்சலை ஊற்றிவிடுகிறது. மேசையில் இருக்கும் எல்என்ஏவுக்கு வந்து சேருவது கால் பங்கு சிக்னலும் ஏறத்தாழ முழு இரைச்சலும். அது இரண்டையும் ஒரே மாதிரிப் பெருக்கும், தொலைந்ததை மீட்காது.

எல்என்ஏ மேலே இருந்தால் சிக்னலும் வானத்து இரைச்சலும் முதலில் நூறு மடங்காகின்றன. பிறகு கேபிள் இரண்டையும் சேர்த்தே குறைக்கிறது. கேபிளும் டொங்கிளும் தங்கள் பங்குக்குச் சேர்ப்பது அந்த நூறு மடங்குக்குப் பக்கத்தில் தூசு. பெல் ஆய்வகத்தில் இருந்த ஹரால்ட் ஃப்ரீஸ் 1944இல் எழுதிய சூத்திரம் சொல்வது இதைத்தான்:

```
F = F1 + (F2 - 1)/G1 + (F3 - 1)/(G1*G2)
```

F என்பது ஒரு படி சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தை எத்தனை மடங்கு கெடுக்கிறது என்பது, G அந்தப் படியின் பெருக்கம்; 1, 2, 3 என்பவை அன்டனாவிலிருந்து வரிசையாக வரும் படிகள். இதில் டெசிபெல்லைப் போடக்கூடாது, விகிதமாக மாற்றித்தான் போட வேண்டும். பலர் வழுக்கும் இடம் இது. F-ஐ டெசிபெல்லில் சொன்னால் அதுதான் நொய்ஸ் ஃபிகர். உங்கள் எல்என்ஏவுக்கு அது 0.8 டெசிபெல் என்றால் F 1.2, G 100. 6 டெசிபெல் கேபிளுக்கு F 4, G கால். டொங்கிளுக்கும் 6 டெசிபெல், அதாவது 4 என்று வைப்போம்.

எல்என்ஏ மேலே: 1.2 + 3/100 + 3/25 = 1.35. அது 1.3 டெசிபெல்.
எல்என்ஏ மேசையில்: 4 + 0.2/0.25 + 3/25 = 4.92. அது 6.9 டெசிபெல்.

முதல் படிக்குப் பின்னால் வருவதெல்லாம் அதன் பெருக்கத்தால் வகுபடுகிறது. மேசையில் வைத்தால் முதல் படி எல்என்ஏ அல்ல, கேபிள். அதன் 'பெருக்கம்' கால் என்பதால் அடுத்து வரும் எல்என்ஏ சேர்க்கும் இரைச்சல் நாலு மடங்காகக் கணக்கில் ஏறுகிறது.

தொலைத்தொடர்பில் வேலை செய்யும் ஒரு பொறியியலாளர்: நொய்ஸ் ஃபிகரை மட்டும் சொல்லி நிறுத்தினால் வித்தியாசம் 5.6 டெசிபெல் என்றுதான் தம்பி நினைப்பார். டிஷ் பார்ப்பது குளிர்ந்த வானத்தை. வெப்பநிலையில் போட்டுக் காட்டுங்கள்.

மிஸ் சொல்வது சரி, அதை விட்டுவிட்டேன். நொய்ஸ் ஃபிகர் என்பது அன்டனாவில் 290 கெல்வின் இரைச்சல் இருப்பதாக எடுத்துக்கொண்டு சொல்லும் எண். 290 கெல்வின் என்றால் 17 பாகை. நுவரெலியாவில் பார்க்கலாம், கொழும்பில் எங்கே! வானத்தைப் பார்க்கும் டிஷ்ஷுக்கு 60 கெல்வின் என்று எடுப்போம்.

ரிசீவரின் சொந்த இரைச்சல் 290 × (F − 1). எல்என்ஏ மேலே என்றால் சுமார் 100 கெல்வின், மேசையில் என்றால் 1140. வானத்தின் 60ஐச் சேர்த்தால் 160க்கு எதிராக 1200. ஏழரை மடங்கு, அதாவது 8.7 டெசிபெல். வானம் எவ்வளவு குளிரோ, முதல் படியின் குறை அவ்வளவு அதிகமாகத் தெரியும்.

தெஹிவளை வாசகர்: அப்படியென்றால் முதல் படியில் 40 டெசிபெல் ஆம்ப் போட்டுவிட்டால் பின்னால் எந்தக் குப்பை டொங்கிளும் போதும்தானே?

பாதி சரி. இரைச்சல் கணக்கில் 20க்கு மேல் கிடைப்பது கொஞ்சம்தான்: F 1.35ஐ 40 டெசிபெல் ஆம்பால் 1.2க்குக் கொண்டுவரலாம், அரை டெசிபெல். அதற்குக் கொடுக்கும் விலை பெரியது. 1805 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி மொபைல் கோபுரங்கள் பேசுகின்றன, கொழும்பில் எந்தக் கூரையிலிருந்தும் ஒரு கோபுரமாவது தெரியும். அதையும் பத்தாயிரம் மடங்கு பெருக்கி டொங்கிளின் வாயில் திணித்தால் அது திக்குமுக்காடிப்போகும். இருக்காத சிக்னலெல்லாம் திரையில் முளைத்தால், அல்லது கெயினைக் கூட்டக் கூட்டச் செய்மதி மறைந்துபோனால், பிரச்சினை இரைச்சல் அல்ல, சுமை.

அதே பொறியியலாளர்: அதனால்தான் எல்என்ஏவுக்கு முன்னாலேயே பில்டர் போட வேண்டும் என்பேன்.

இங்கே எனக்கு ஒத்துப்போக முடியவில்லை. முன்னால் வைக்கும் பில்டர் 1.5 டெசிபெல் தின்றால் அந்த 1.5 அப்படியே நொய்ஸ் ஃபிகரில் ஏறுகிறது. தாங்கும் எல்என்ஏ என்றால் அதற்குப் பின்னால் பில்டர் வைப்பேன். கோபுரம் பக்கத்துக் கட்டடத்திலேயே இருந்தால் மிஸ்ஸின் வழிதான் வெல்லும். இரண்டையும் செய்துபார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கொட்டாஞ்சேனை ஐயா: நான் 7 மெகாஹேர்ட்ஸில் கேட்கிறேன். எப்போதும் ஒரே சத்தம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடி ஒரு நல்ல எல்என்ஏ வாங்கினால் சரிவருமா?

ஐயா, காசை வைத்திருங்கள். நீங்கள் கேட்கும் சத்தம் ரிசீவருடையது அல்ல. எல்ஈடி பல்ப், சார்ஜர், லிஃப்ட் எல்லாம் சேர்ந்து நகரத்துக்குள் அந்த அலைவரிசையில் கொட்டும் இரைச்சல், ரிசீவரின் இரைச்சலைவிட ஆயிரக்கணக்கான மடங்கு. அங்கே முதல் படி எவ்வளவு சுத்தமானாலும் காதுக்குத் தெரியாது. அன்டனா வயரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் சட்டென்று அடங்கினால் குற்றவாளி வெளியே. உங்களுக்கு வேண்டியது எல்என்ஏ அல்ல, திருப்பி வைக்கக்கூடிய ஒரு லூப் அன்டனா.

வெள்ளவத்தை மாணவர்: மேலே மாற்றிவிட்டேன் சேர். கருவி எதுவும் இல்லாமல் சரியா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் மின்சாரம் போகிறதா என்று பாருங்கள். கேபிள் வழியாக எல்என்ஏவுக்கு 5 வோல்ட் அனுப்ப `rtl_biast -b 1`. இடையில் பழைய டிவி ஸ்ப்ளிட்டர் ஏதும் இருந்தால் அது அந்த மின்சாரத்தை மறிக்கலாம். எனக்கு ஒருமுறை இரண்டு வார இறுதிகள் இப்படிப் போயின. செத்த எல்என்ஏ வெறும் தடையாக அங்கே உட்கார்ந்திருந்தது.

அப்புறம் தானியங்கிக் கெயினை நிறுத்திவிட்டு, செய்மதி இல்லாத வெற்று அலைவரிசை ஒன்றில் இரைச்சல் மட்டத்தைக் குறியுங்கள். டிஷ்ஷை ஒருமுறை வானத்துக்கும் ஒருமுறை கிட்டத்துச் சுவருக்கும் காட்டுங்கள். சுவர் 290 கெல்வின் அளவு என்று வைத்தால், நல்ல அமைப்பில் ரிசீவரின் 100ஐயும் சேர்த்துச் சுவர் பக்கம் 390, வானம் பக்கம் 160. கிட்டத்தட்ட 4 டெசிபெல் ஏற வேண்டும். பழைய அமைப்பில் முக்கால் டெசிபெல்தான் ஏறியிருக்கும்.

வெள்ளவத்தை மாணவர்: 2 டெசிபெல்தான் ஏறுகிறது சேர்.

சந்தேகம் இரண்டு. டிஷ்ஷுக்கும் எல்என்ஏவுக்கும் நடுவில் 2 டெசிபெல் தொலைந்தாலும் இதே எண் வரும். கடற்காற்றில் பச்சை பிடித்த கனெக்டர் ஒன்றே போதும். அல்லது உங்கள் டிஷ் ஓரக்கண்ணால் சுற்றியுள்ள கட்டடங்களைப் பார்க்கிறது, அதனால் அதன் 'வானம்' 60 அல்ல, 150 கெல்வின். ஜிகே-2ஏ நமக்குக் கிழக்கே அடிவானத்திலிருந்து 34 பாகையில்தான் நிற்கிறது, வெள்ளவத்தையில் அந்த உயரத்துக்குக் கட்டடம் வந்துவிடும். டிஷ்ஷை நேர் மேலே நிமிர்த்தி மறுபடி அளந்து பாருங்கள். 4க்குப் பக்கத்தில் வந்தால் கட்டடம். 2இலேயே நின்றால் கனெக்டரைக் கழற்றுங்கள்.