ஒரே பச்சை, மூன்று விதமாக அச்சாவது ஏன்?

கேள்வி: கையால் சோப்பு செய்து விற்கிறேன். என் லோகோவின் பச்சை, போனில் பளிச்சென்று இருக்கிறது. லேபிளில் மங்கலாகவும், பழுப்பு அட்டைப் பெட்டியில் சேறு மாதிரியும், நன்றி அட்டையில் நீலம் கலந்தும் வந்திருக்கிறது. “இது ஒரிஜினல்தானா?” என்று ஒருவர் கேட்டேவிட்டார். லோகோவையே மாற்றிவிடலாமா?

பதில்: லோகோவை மாற்றாதீர்கள். மாற்றினாலும் அடுத்த பச்சைக்கும் இதே கதிதான். நீங்கள் நிறத்தைத் திரையில் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், தப்பு அங்கேதான் தொடங்குகிறது. போன் ஒளியை உமிழ்ந்து நிறம் காட்டுகிறது. அச்சு மையோ தாளில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை நம்பியிருக்கிறது. பளிச்சென்ற பச்சையும் ஆரஞ்சும் சாதாரண நான்கு வண்ண அச்சில் வரவே வராது. அச்சகத்தின் மென்பொருள் ‘கிட்டத்தட்ட’ ஒரு நிறத்துக்கு இறக்கிவிடும். மூன்று இடத்தில் அச்சடித்தால் மூன்று ‘கிட்டத்தட்ட’.

பெட்டி சேறானதற்குக் காரணம் வேறு. அச்சு மை கண்ணாடித்தாள் மாதிரி, அடியில் இருப்பது தெரியும். பழுப்பு அட்டைமேல் பச்சை அடித்தால் பழுப்பும் சேர்ந்துதான் கண்ணுக்கு வரும். முதலில் வெள்ளை மை அடித்து அதன்மேல் பச்சை அடிக்கலாம், ஆனால் எல்லா அச்சகத்திலும் அந்த வசதி இருக்காது, செலவும் கூடும். நானாக இருந்தால் பெட்டியில் லோகோவைக் கறுப்பு ஒரே மையில் அடித்துவிட்டு, பச்சையை வெள்ளை லேபிளில் மட்டும் வைத்துக்கொள்வேன். பழுப்பு அட்டையில் கறுப்பு கச்சிதமாக உட்காரும், சொதப்பவும் வழியில்லை.

சரி, லேபிளுக்கு எந்தப் பச்சை? கொஞ்சம் அடர்ந்ததாகப் பாருங்கள். அடர்பச்சை செய்ய டிசைனர்கள் பலர் சயான் என்ற நீல மையோடும் மஞ்சளோடும் மெஜந்தா என்ற ரோஸ் மையையும் சேர்ப்பார்கள். இயந்திரத்தில் மெஜந்தா கொஞ்சம் ஏறினாலே பச்சை பழுப்பாகச் சாயும். அதைத் தவிர்த்துவிட்டு கறுப்பால் அடர்த்தி கொடுங்கள். உதாரணமாக, சதவீதக் கணக்கில் சயான் 100, மஞ்சள் 70, மெஜந்தா 0, கறுப்பு 40. கறுப்பு கொஞ்சம் கூடிக் குறைந்தாலும் பச்சை, பச்சையாகவே இருக்கும். சற்றே அடர்ந்தோ வெளிறியோ தெரியும், அவ்வளவுதான். உங்கள் நன்றி அட்டை நீலம் பாய்ந்ததும் அநேகமாக மஞ்சள் குறைந்ததால்தான்.

இந்த எண்கள் தொடக்கம் மட்டுமே. அதே தாளில், அதே லேமினேஷனோடு ஒரு மாதிரி அச்சடித்துக் கேளுங்கள். ஒரே மை வழவழப்பான தாளில் அழுத்தமாகவும், மை உறிஞ்சும் தாளில் மங்கலாகவும் தெரியும். மேட் லேமினேஷன் போட்டால் இன்னும் வெளிறும். ஆகவே லேபிளுக்கும் நன்றி அட்டைக்கும் முடிந்தவரை ஒரே வகைத் தாள் எடுங்கள். மாதிரியைப் பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். நான் ஒருமுறை ராத்திரி, அச்சகத்து டியூப்லைட் வெளிச்சத்தில் ‘ஓகே’ சொல்லிவிட்டு வந்தேன். காலையில் கட்டைப் பிரித்தால் வேறு நிறம். குறை அச்சகத்தின் மேல் இல்லை, என் அவசரம்.

மாதிரி பிடித்துவிட்டால் இரண்டாக வெட்டி, ஒன்றை அச்சகத்தில் கொடுங்கள். மற்றதை வெயில் படாமல் கவருக்குள் போட்டு வையுங்கள், வெளிச்சத்தில் மை வெளுக்கும். அடுத்த முறை ‘பச்சை’ என்று வாயால் சொல்ல வேண்டாம், அந்தத் துண்டைக் காட்டுங்கள். புது லேபிள் வந்ததும் மை நன்றாகக் காய்ந்த பிறகு அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஈர மையின் நிறத்தை நம்ப முடியாது.

லோகோவில் ஒன்றை மட்டும் சோதியுங்கள். கறுப்பில், 15 மில்லிமீட்டர் அகலத்தில் அச்செடுத்து, கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். இலை நரம்புகள் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டால் பாதி நரம்புகளை எடுத்துவிடுங்கள். உங்கள் பெயர் பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக இருந்தால் எழுத்தைத் தடிமனாக்குங்கள். ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாக உள்ள அச்சுத் தகடுகள் இம்மி விலகினாலும் மெல்லிய எழுத்துக்குள் மை புகுந்து அடைத்துவிடும். அப்புறம், அச்சகத்துக்கு லோகோவை வாட்ஸ்அப் படமாக அனுப்பாதீர்கள், அது படத்தைச் சுருக்கி ஓரங்களைக் கரகரப்பாக்கிவிடும். டிசைனரிடம், எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் உடையாத வெக்டர் பிடிஎஃப் கேட்டு வாங்கி மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

கையில் மீதமிருக்கும் பழைய லேபிள்களை இலவச மாதிரிக்குக் கொடுக்கும் சோப்புகளில் ஒட்டித் தீர்த்துவிடலாம். கடை அலமாரியில் மட்டும் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்க விடாதீர்கள்.