பழைய வீடு, 6 லட்சம் பட்ஜெட்: எப்படிப் பிரிப்பது?

கேள்வி: 25 வருடப் பழைய வீடு. மாடி ஒழுகுகிறது, பாத்ரூம், சமையலறை, பெயின்ட் எல்லாம் செய்யணும். கையில் 6 லட்சம்தான். எப்படித் திட்டமிடுவது?

முதலில் 15 சதவீதம், அதாவது 90,000 ரூபாயைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். பாத்ரூம் டைல்ஸை உடைத்த பிறகுதான் உள்ளே துருப்பிடித்த ஜி.ஐ. குழாய் தெரியும், அதை எந்த மேஸ்திரியாலும் முன்கூட்டிக் கணக்கிட முடியாது. அழகான டைல்ஸுக்காக இந்தப் பணத்தைத் தொடாதீர்கள்.

மீதி 5,10,000 ரூபாய்க்குள் மூன்று பேரிடம் எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். மொத்தத் தொகை மட்டும் எழுதியிருந்தால் ஒப்பிடவே முடியாது. ஒவ்வொரு வேலைக்கும் சதுர அடி, ரேட், பொருளின் பிராண்ட், இடிபாடு அள்ளும் கூலி, ஜிஎஸ்டி தனித்தனியாக வேண்டும். ஒருவர் மட்டும் ரொம்பக் குறைவாகச் சொன்னால் ஏதோ ஒரு வேலை விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அது வாட்டர்ப்ரூஃபிங்தான்.

அப்புறம் வரிசை. மாடியும் பாத்ரூமும் முதல் கட்டம். வாட்டர்ப்ரூஃபிங் காய்ந்ததும், டைல்ஸ் ஒட்டும் முன் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கி வையுங்கள். கீழே கூரையில் ஈரம் வராவிட்டால்தான் அந்தக் கட்டத்தின் பாக்கிப் பணம். அடுத்து வயரிங், சமையலறை. ஈரச் சுவரில் அடித்த பெயின்ட் உரியும் என்பதால் அது கடைசி. ஒதுக்கிய பணம் முன்பே கரைந்துவிட்டாலும், பெயின்ட்டை அடுத்த வருடத்துக்குத் தள்ளலாம். வீட்டுக்கு ஒன்றும் ஆகாது.